சத்யம் இல்லாத 2009

இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துக்கொண்டு, 2008-ஆம் ஆண்டிலிருந்து ஏதாவது ஒரு முதலீட்டு விதியைச் சோதித்துப் பாருங்கள். முடிவு அநேகமாக அழகாகவே வரும். பி.இ. விகிதம் குறைந்த பங்குகளை வாங்கினாலும் சரி, விலை சரிந்தவற்றை வாங்கினாலும் சரி, பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து வாங்கினாலும் சரி, கணினியில் வரும் கோடு மேல்நோக்கியே போகும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் சேமிப்பை அந்த விதியின் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேக்டெஸ்ட் என்று சந்தையில் சொல்லப்படுவது எளிய வேலைதான். ஒரு விதியை எழுதிக்கொள்கிறோம். கடந்த காலத்தில் ஆண்டுதோறும் அந்த விதிப்படி பங்கு வாங்கி, அடுத்த ஆண்டு விற்று, மறுபடி வாங்கியிருந்தால் பணம் எவ்வளவாகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறோம். இதற்குத் தேவை இரண்டு: எந்தப் பங்குகளிலிருந்து தேர்ந்தெடுப்பது என்ற பட்டியல், அவற்றின் பழைய விலைகள். பெரும்பாலோர் தேசியப் பங்குச் சந்தையின் தளத்திலிருந்து நிஃப்டி 50-இன் இப்போதைய பட்டியலை இறக்கிக்கொள்கிறார்கள். பிறகு அந்த ஐம்பது பெயர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் விலை வரலாற்றைச் சேர்க்கிறார்கள். பிழை இங்கேயே, முதல் படியிலேயே நுழைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செய்யும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

ஒரு குறிப்பிட்ட நாளில் நின்று பார்ப்போம். 2008 டிசம்பர் 31. உலகச் சந்தைகள் சரிந்து, நிஃப்டி அந்த ஓர் ஆண்டில் பாதிக்கு மேல் இழந்திருந்தது. அன்று ஒருவர் நிஃப்டி 50-க்குள் மலிவான பங்கு தேடுகிறார். அவர் விதி இது: பி.இ. குறைவாக இருக்க வேண்டும், நிறுவனத்துக்குக் கடன் சுமை இருக்கக் கூடாது, கையில் ரொக்கம் இருக்க வேண்டும். கட்டுப்பாடான, நிதானமான விதி. இன்றும் பலர் மனத்தில் வைத்திருக்கும் விதி.

அன்று நிஃப்டியில் இருந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் பங்கு 170 ரூபாய் அளவில் இருந்தது. முந்தைய ஆண்டு முடிவில் அது 400 ரூபாய்க்கு மேல். நிறுவனம் அறிவித்திருந்த கணக்குப்படி 2007-08 நிதியாண்டில் ஒரு பங்குக்கான வருவாய் சுமார் 25 ரூபாய். அப்படியானால் பி.இ. சுமார் 7. கணக்குப் புத்தகத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம். டிசம்பர் நடுவில் மேய்டாஸ் நிறுவனங்களை வாங்கும் முயற்சியால் பங்கு ஒரே நாளில் சுமார் 30 சதவீதம் விழுந்திருந்தது. அது மலிவுப் பங்கு தேடுவோருக்கு வாய்ப்பாகவே தெரிந்திருக்கும். நம் விதி அன்று தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய பங்குகளில் சத்யம் முன்வரிசையில் நின்றிருக்கும்.

ஒரே வாரத்தில், ஜனவரி 7 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் ஒப்புதல் கடிதம் வெளியானது. இருப்பதாகக் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் முடிந்த பங்கு அன்று சுமார் 40-இல் முடிந்தது. அடுத்த வர்த்தக நாளான ஜனவரி 9-இல் சுமார் 24. பத்துப் பங்குகளில் சமமாகப் பணம் போட்டவருக்கு, இந்த ஒரு பங்கால் மட்டும் ஆண்டின் முதல் பத்து நாள்களுக்குள் மொத்த முதலீட்டில் எட்டரை சதவீதம் போயிருக்கும். பிறகு டெக் மஹிந்திரா நிறுவனம் ஏலத்தில் ஒரு பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து சத்யத்தை வாங்கியது. விலை ஓரளவு மீண்டது, ஆனால் அந்த ஆண்டு முடியும் வரை 170-ஐத் தொடவில்லை. குறியீட்டிலிருந்து நீக்கப்படும்போது விற்றுவிட வேண்டும் என்பது விதியாக இருந்தால் அந்த மீட்சியும் கிடைத்திருக்காது.

இன்றைய பட்டியலை வைத்துச் சோதிப்பவருக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. அவருடைய 2009-இல் சத்யம் என்ற பெயரே இல்லை. 2013-இல் அது டெக் மஹிந்திராவோடு இணைந்தது. 17 சத்யம் பங்குகளுக்கு 2 டெக் மஹிந்திரா பங்குகள் என்ற விகிதத்தில். அதன் பிறகு சத்யத்தின் சந்தைக் குறியீடு மறைந்துவிட்டது. டெக் மஹிந்திரா இன்றைய நிஃப்டியில் இருக்கிறது. அதன் 2009 விலைகளும் கிடைக்கின்றன. அவை மூழ்கிய நிறுவனத்தை மலிவாக வாங்கியவரின் விலைகள். மூழ்கிய நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தவரின் விலைகளுக்கு அந்தத் தரவில் இடமில்லை.

நிஃப்டி குறியீடு இந்தக் குற்றத்தைச் செய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சத்யம் ஜனவரி 12-இல்தான் குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய இரண்டு வர்த்தக நாள்களின் வீழ்ச்சியையும் நிஃப்டி தன் கணக்கில் சுமந்துகொண்டது. ஆகவே இன்றைய உறுப்பினர்களை மட்டும் வைத்துச் செய்த பேக்டெஸ்டை நிஃப்டியோடு ஒப்பிடுவது, அடிபட்ட ஒருவரையும் அடியே படாத ஒருவரையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிடுவதாகிறது. சத்யத்தின் இடத்துக்கு வந்தது ரிலையன்ஸ் கேப்பிட்டல். அதுவும் பின்னர் குறியீட்டை விட்டு வெளியேறியது. 2021-இல் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. திவால் தீர்வின் முடிவில் பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவருமே இன்றைய பட்டியலில் இல்லை.

2008 ஜனவரியில் 800 ரூபாயைத் தாண்டிய ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், 500 ரூபாயைத் தாண்டிய யூனிடெக், காற்றாலை நிறுவனமான சுஸ்லான் ஆகியவையும் அந்தக் காலத்து நிஃப்டியில் இருந்தவை. யெஸ் பேங்க் 2015-இல் உள்ளே வந்தது, 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவைத் தொட்டது. 2019 முடிவில் அது 50 ரூபாய்க்குக் கீழே, இன்னும் நிஃப்டி உறுப்பினராகவே இருந்தது. சரிந்த பங்கு தேடும் எந்த விதியும் அதை எடுத்திருக்கும். 2020 மார்ச் 5-இல் ரிசர்வ் வங்கி அதன் செயல்பாடுகளுக்குத் தடை விதித்தது. மறுநாள் பங்கு 16 ரூபாய் அளவில் முடிந்தது. மார்ச் 19-இல் குறியீட்டிலிருந்து வெளியேறியது.

வீழ்ந்தவர்கள் கணக்கில் வராமல் போவதை எஞ்சியோர் சார்பு என்று சொல்லலாம். சந்தைக்காரர்கள் சர்வைவர்ஷிப் பயஸ் என்பார்கள். இதுவரை சொன்னது அதன் ஒரு பாதி, பலரும் அறிந்த பாதி. குறியீட்டுப் பட்டியலைப் பயன்படுத்தும்போது இன்னொரு பாதி சேர்ந்துகொள்கிறது. என் கணிப்பில் அதுதான் முடிவைக் கூடுதலாகக் கெடுக்கிறது, ஏனென்றால் அது கண்ணில் படுவதே இல்லை.

நிஃப்டி 50-க்குள் ஒரு நிறுவனம் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி, ஜூலை மாத முடிவு வரையிலான ஆறு மாதச் சராசரித் தரவை வைத்து மறுபரிசீலனை நடக்கிறது. மாற்றங்கள் மார்ச், செப்டம்பர் இறுதியில் அமலுக்கு வருகின்றன. உள்ளே வர விரும்பும் நிறுவனத்தின், பொதுமக்கள் கையில் புழங்கும் பங்குகளின் சந்தை மதிப்பு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் மிகச் சிறிய உறுப்பினரின் மதிப்பைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பங்கு தாராளமாகக் கைமாற வேண்டும், எஃப் அண்டு ஓ பிரிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. சுருக்கமாக, விலை ஏறி ஏறிப் பெரிதான பிறகுதான் ஒரு நிறுவனம் உள்ளே வருகிறது. உறுப்பினராவது அந்த ஏற்றத்துக்குப் பிறகு கிடைக்கும் இடம்.

பஜாஜ் ஃபைனான்ஸ் 2017 செப்டம்பரில் நிஃப்டிக்குள் வந்தது. டைட்டன் 2018 ஏப்ரலில். சென்னையின் அப்போலோ ஹாஸ்பிடல்ஸ் 2022 மார்ச் இறுதியில். ட்ரெண்ட் 2024 செப்டம்பர் இறுதியில். 2009-இல் நிஃப்டி 50-க்குள் பங்கு தேடிய எவர் கண்ணிலும் இவை பட்டிருக்க முடியாது. அன்று பஜாஜ் ஃபைனான்ஸின் பெயரே வேறு. பஜாஜ் ஆட்டோ ஃபைனான்ஸ் என்று, இருசக்கர வாகனத்துக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் கடன் கொடுக்கும் சிறிய நிறுவனமாக இருந்தது. அதைப்போல அன்று நூற்றுக்கணக்கான சிறிய நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் எது பெரிதாகும் என்று அன்று தெரியாது. இன்றைய பட்டியலை 2009-க்கு எடுத்துச் செல்பவர், அந்த நூற்றுக்கணக்கானவற்றிலிருந்து வென்ற சிலவற்றை மட்டும், வெல்வதற்கு முன்பே, தன் கூடையில் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகு எந்த விதியால் தேர்ந்தெடுத்தாலும் வெற்றிபெற்றவர்களுக்குள்ளேயேதான் தேர்வு நடக்கிறது.

இது எவ்வளவு பெரிய பொய்யை உண்டாக்கும் என்பதை ஒரு சுத்தமான கணக்கில் காட்ட முடியும். பென்சிலும் தாளும் போதும்.

1,024 கற்பனை நிறுவனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் பங்குகளும் 100 ரூபாயில் தொடங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு 30 சதவீதம் ஏறும், அல்லது 20 சதவீதம் இறங்கும். இரண்டுக்கும் சம வாய்ப்பு, நாணயம் சுண்டுவதுபோல. நல்ல நிர்வாகம், கெட்ட நிர்வாகம், திறமை எதற்கும் இதில் இடமில்லை. பத்து ஆண்டுகளில் ஏற்றமும் இறக்கமும் அமையக்கூடிய வரிசைகள் மொத்தம் 1,024. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரிசையைக் கொடுத்துவிடுவோம். எல்லா நிறுவனங்களையும் சமமாக வாங்கியவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 5 சதவீதம் கிடைக்கும். பத்து ஆண்டுகளில் 100 ரூபாய் சுமார் 163 ஆகும். இந்தச் சந்தையில் அதற்கு மேல் சம்பாதிக்க உதவும் விதி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது.

இப்போது பத்தாம் ஆண்டு முடிவில் மிகப் பெரிய நிறுவனங்களைப் பொறுக்கி ஒரு குறியீடு அமைப்போம். பத்து ஆண்டுகளும் ஏறியது ஒரே ஒரு நிறுவனம். அதன் விலை 1,379 ரூபாய். ஒன்பது ஆண்டு ஏறியவை 10, விலை 848. எட்டு ஆண்டு ஏறியவை 45, விலை 522. மொத்தம் 56 நிறுவனங்கள். கிட்டத்தட்ட நிஃப்டி அளவுதான். இந்த 56-ஐ மட்டும் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் என்று பேக்டெஸ்ட் செய்தால், சராசரி விலை சுமார் 596 ரூபாய். ஆண்டுக்கு 19.5 சதவீதம். சந்தை கொடுத்தது 5. மீதி பதினான்கரை சதவீதப் புள்ளிகளும் பட்டியலைப் பின்னால் இருந்து எழுதியதால் வந்தவை.

இந்த இடத்தில் அனுபவமுள்ள சிலர் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. "வருமானம் மிகையாக வருவது உண்மைதான். ஆனால் இரண்டு விதிகளையும் அதே பட்டியலில் சோதித்தால் எது சிறந்தது என்பதாவது தெரியுமே? மிகைப்பு இரண்டுக்கும் பொதுதானே?" என்பார்கள். நியாயமாகத் தோன்றும் வாதம். அதே 56 நிறுவனங்களை வைத்தே அதைச் சோதிப்போம்.

முதல் விதி, ஓர் ஆண்டு விலை இறங்கிய பங்கை வாங்குவது. இந்த 56 பங்குகளின் வரலாற்றில், அடுத்து ஓர் ஆண்டாவது மீதமிருக்கும் நிலையில் நடந்த இறக்கங்கள் 90. அவற்றில் 81 முறை அடுத்த ஆண்டு விலை ஏறியிருக்கிறது. வெற்றி விகிதம் 90 சதவீதம். இரண்டாம் விதி, ஓர் ஆண்டு ஏறிய பங்கை வாங்குவது. அப்படிப்பட்ட தருணங்கள் 414. அவற்றில் 333 முறை அடுத்த ஆண்டும் ஏற்றம். சுமார் 80 சதவீதம். ஆக, சரிந்ததை வாங்குவதே மேல் என்று பேக்டெஸ்ட் தீர்ப்புச் சொல்கிறது. உண்மையில் இரண்டுக்கும் வாய்ப்பு சரிபாதி. 1,024 நிறுவனங்களையும் எடுத்து எண்ணினால் இரண்டு விதிகளுக்கும் 50 சதவீதம்தான் வரும்.

காரணம் எளிது. இந்தப் பட்டியலில் இடம்பெற ஒரு பங்கு பத்தில் எட்டு ஆண்டாவது ஏறியிருக்க வேண்டும். அதனால் அதற்கு வாழ்நாளில் மிஞ்சிப்போனால் இரண்டு இறக்கம்தான் அனுமதி. ஓர் இறக்கம் நடந்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான். இறங்கிய பங்கு மீளும் என்பது சந்தை சொன்ன செய்தியாகத் தெரிந்தாலும், மீளாதவற்றை நாம்தான் முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருக்கிறோம். ஆகவே மிகைப்பு எல்லா விதிக்கும் பொதுவாக இருக்காது. சரிவில் வாங்கு, மலிவில் வாங்கு என்னும் விதிகளுக்கு அது கூடுதலாகச் சலுகை தருகிறது. இலவச ஸ்கிரீனர்களை வைத்து வீட்டிலிருந்து சோதிப்பவர்கள் அதிகம் விரும்புவதும் இந்த வகை விதிகளைத்தான்.

நிஜச் சந்தையில் இதே அமைப்பைப் பார்க்கலாம். 2008 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கிப் பங்கு 1,400 ரூபாய்க்கு மேல் இருந்தது. 2009 மார்ச்சில் 300-க்குக் கீழே போனது. யூனிடெக் 500-க்கு மேலிருந்து 30-க்குக் கீழே போனது. 2009 தொடக்கத்தில் இரண்டும் நிஃப்டி உறுப்பினர்கள், இரண்டும் அடிவாங்கியவை, இரண்டைப் பற்றியும் திகிலான செய்திகள். வங்கி மீண்டு, இன்றும் நிஃப்டியின் பெரும் உறுப்பினர்களில் ஒன்றாக இருக்கிறது. யூனிடெக் ஒருமுறை நிமிர்ந்து மறுபடி விழுந்தது. 2020-இல் அதன் நிர்வாகத்தையே உச்ச நீதிமன்றம் மத்திய அரசு நியமித்த இயக்குநர் குழுவிடம் ஒப்படைத்தது. சரிவில் வாங்கும் விதி நல்லதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு பேரின் கதையும் சேர்ந்துதான் பதில் தர முடியும். இன்றைய பட்டியல் முதல் கதையை மட்டும் சொல்கிறது.

ஒரு பேக்டெஸ்ட் இப்படிக் கெட்டுப்போயிருக்கிறதா என்று கண்டறிய நான் முதலில் கேட்பது, விதியை எடுத்துவிட்டால் என்ன வருகிறது என்பதைத்தான். எந்த நிபந்தனையும் இல்லாமல், பட்டியலில் உள்ள எல்லாப் பங்குகளையும் சமமாக வாங்கி ஆண்டுதோறும் சரிசெய்தால் எவ்வளவு கிடைக்கிறது என்று அதே நிரலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை நிஃப்டி 50 ஈக்குவல் வெயிட் குறியீட்டின், டிவிடெண்டையும் சேர்த்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். பட்டியல் சரியானதாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. விதியே இல்லாத நம் கூடை குறியீட்டை ஆண்டுக்குப் பல சதவீதம் மிஞ்சினால், அந்த லாபம் பட்டியலிலிருந்து வருகிறது. விதியின் பங்கு, அதற்கும் மேலே எஞ்சியிருக்கும் வித்தியாசம் மட்டுமே. நாணயக் கணக்கில் பார்த்தபடி, அந்த வித்தியாசத்தையும் நம்ப முடியாது.

இன்னொரு அடையாளம் இன்னும் எளிதாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் சோதனையில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோல் இந்தியா 2010-இல்தான் சந்தைக்கு வந்தது. எஸ்பிஐ லைஃப், எச்டிஎஃப்சி லைஃப் இரண்டும் 2017-இல். ஸொமாட்டோ 2021-இல், ஜியோ ஃபைனான்ஷியல் 2023-இல். பின்னால் போகப் போக நிறுவனங்களின் எண்ணிக்கை ஐம்பதிலிருந்து குறைந்துகொண்டே போனால் அது இன்றைய பட்டியல்தான். உண்மையான நிஃப்டியில் 2008-இலும் ஐம்பது பேர் இருந்தார்கள். பிறகு, சோதனை வாங்கிய பங்குகளின் பெயர்களை ஆண்டுவாரியாக அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு வாங்கலில் ஒருமுறைகூட யூனிடெக்கோ யெஸ் பேங்க்கோ வரவில்லை என்றால், மலிவைத் தேடும் விதிக்கு அது இயல்பான முடிவு அல்ல.

சரிசெய்வது முடியாத காரியம் அல்ல, பொறுமை வேண்டும். நிஃப்டி மாற்றங்கள் ஒவ்வொன்றையும் என்எஸ்இ இண்டைசஸ் நிறுவனம் முன்கூட்டியே அறிவிப்பாக வெளியிடுகிறது. இன்றைய பட்டியலில் தொடங்கி, கடைசி அறிவிப்பில் உள்ளே வந்தவரை வெளியே எடுத்து, வெளியே போனவரை உள்ளே சேர்த்தால் அதற்கு முந்தைய பட்டியல் கிடைக்கும். இப்படியே ஒவ்வோர் அறிவிப்பாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அறிவித்த நாளை விட்டுவிட்டு, மாற்றம் அமலுக்கு வந்த நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. அரையாண்டு அட்டவணைக்கு வெளியே நடந்தவற்றை மறந்துவிடக் கூடாது: சத்யம், யெஸ் பேங்க், 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி தன் வங்கியோடு இணைந்தபோது அதன் இடத்தில் எல்டிஐ மைண்ட்ட்ரீ வந்தது. ஒவ்வொரு தேதியிலும் எண்ணிக்கை ஐம்பதாக வருகிறதா என்று பார்த்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

விலைகளுக்கு என்எஸ்இயின் தினசரி பாவ்காப்பி கோப்புகளே நம்பகமான மூலம். அன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளின் விலையும் அதில் இருக்கும். 2009 ஜனவரி 7-ஆம் தேதிக் கோப்பில் `SATYAMCOMP` இன்றும் இருக்கிறது; பின்னாளில் நடந்த எதுவும் அந்தக் கோப்பை மாற்றாது. ஆனால் இந்த விலைகள் போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்குச் சரிசெய்யப்படாதவை. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது பங்கு பாதி விலைக்கு வந்தது. சரிசெய்யாமல் விட்டால் சரிவைத் தேடும் விதி அதைப் பெரிய வீழ்ச்சி என்று எண்ணி வாங்கிவிடும். குறியீட்டுப் பெயர் மாற்றங்களையும் இணைக்க வேண்டும். `INFOSYSTCH` என்பது `INFY` ஆனது. `HEROHONDA` என்பது `HEROMOTOCO` ஆனது. இணைக்காவிட்டால் இன்ஃபோசிஸ் ஒரு நாள் செத்துப்போனதாகவே நிரல் நினைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து, சரியான பட்டியலையும் மறைந்த பங்குகளின் விலைகளையும் திரட்டிய பிறகு, ஒரே வரியில் எல்லாவற்றையும் இழப்பவர்களும் உண்டு. பைதானில் விலை அட்டவணையைச் சுத்தம் செய்ய வழக்கமாக எழுதும் வரி இது:

```python
prices = prices.dropna(axis=1)
```

எந்தப் பங்கின் வரிசையிலும் ஒரே ஒரு நாள் விலை விடுபட்டிருந்தாலும் அந்தப் பங்கை முழுதாக நீக்கு என்பது இதன் பொருள். இடையில் மறைந்தவை எல்லாவற்றுக்கும் கடைசிப் பகுதி காலியாகத்தான் இருக்கும். சத்யம், ரிலையன்ஸ் கேப்பிட்டல், எச்டிஎஃப்சி எல்லாம் இந்த வரியில் போய்விடும். தொடக்கம் முதல் முடிவு வரை உயிரோடு இருந்தவை மட்டும் எஞ்சும். நாம் எங்கிருந்து தப்பித்தோமோ அதே இடத்துக்கு நிரல் நம்மைக் கொண்டுவந்து விட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

மறைந்த பங்குக்குக் கடைசியாக என்ன மதிப்புக் கொடுப்பது என்பதையும் ஒவ்வொன்றாகத்தான் முடிவுசெய்ய வேண்டும். மறைந்தது எல்லாம் நஷ்டம் அல்ல. ரன்பாக்ஸி, சன் பார்மாவோடு இணைந்தபோது ஒரு பங்குக்கு 0.8 சன் பார்மா பங்கு கிடைத்தது. எச்டிஎஃப்சியின் 25 பங்குகளுக்கு வங்கியின் 42 பங்குகள். இவற்றைப் பூஜ்யமாகப் போட்டால் பிழை எதிர்த்திசையில் போகும். ரிலையன்ஸ் கேப்பிட்டலுக்கோ பூஜ்யம்தான் சரி. கடைசியாக வர்த்தகமான விலையிலேயே நிறுத்திவைத்தால் அந்தப் பணம் கைக்கு வந்ததாகக் கணக்கு சொல்லும். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பங்குத் தரவுத் தொகுப்பிலேயே இந்த ஓட்டை இருந்தது. நலிவால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பல பங்குகளுக்குக் கடைசி இழப்பு பதிவாகவில்லை என்பதை டைலர் ஷம்வே 1997-இல் காட்டினார். அந்த இழப்பு சராசரியாகச் சுமார் 30 சதவீதம் என்பது அவர் மதிப்பீடு.

விலைப் பட்டியலைத் திருத்திவிட்டாலும் நிறுவனக் கணக்கு எண்களில் இதே சிக்கல் மறுபடி வரும். ரோல்ஃப் பான்ஸ், வில்லியம் பிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதற்காகவே செய்யப்பட்டது. அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு விவரங்களைத் தரும் காம்புஸ்டாட் தொகுப்பின் வழக்கமான பிரதியில், அப்போது இருந்த நிறுவனங்களே இருந்தன. எண்களும் வெளியான நாளைப் பொருட்படுத்தாமல் பதிவாகியிருந்தன. அவர்கள் 1974 முதல் அவ்வப்போது வந்த பழைய பிரதிகளை வரிசையாகச் சேர்த்து, அந்தந்த நாளில் முதலீட்டாளர் கண்ட எண்களைக் கொண்ட இன்னொரு தொகுப்பை உருவாக்கினார்கள். ஒரே விதியை இரண்டிலும் ஓட்டினார்கள். வழக்கமான தொகுப்பில், நிறுவன அளவின் தாக்கத்தைப் பிரித்த பிறகும் குறைந்த பி.இ. பங்குகளுக்கு ஓர் ஆதாயம் தெரிந்தது. அவர்கள் திரட்டிய தொகுப்பில் அந்த ஆதாயம் காணப்படவில்லை.

ஐம்பது பெரிய நிறுவனங்களில் இவ்வளவு என்றால், நிஃப்டி 500 அல்லது சிறு நிறுவனப் பட்டியல்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே உள்ளே வருவதும் வெளியே போவதும் அதிகம், மறைபவையும் அதிகம், பழைய பட்டியல்களைத் திரட்டுவதும் கடினம். அதற்குப் பின்னோக்கிப் போக முடியாதவர்கள், பான்ஸும் பிரீனும் செய்ததை இன்றிலிருந்து முன்னோக்கிச் செய்யலாம். ஒவ்வொரு மார்ச், செப்டம்பர் முடிவிலும் முழுப் பட்டியலையும், ஸ்கிரீனர் அன்று காட்டும் பி.இ., கடன், வருவாய் எண்களையும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேமித்துவிட வேண்டும். அந்தக் கோப்பைப் பிறகு திருத்தக் கூடாது. தவறான எண் என்று பின்னால் தெரிந்தாலும் அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் வாங்குபவர் அன்று பார்த்தது அந்த எண்ணைத்தான். ஐந்து ஆண்டுகளில் பத்துக் கோப்புகள் சேரும். அவற்றில் உள்ள சில பெயர்களுக்கு அப்போது விலையே கிடைக்காது. சோதனையை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குவது நல்லது.